புரொம்ப்டைத் தொடுமுன் துண்டைப் பாருங்கள்

போன வாரம் மட்டும் ஆறு பேரை நேர்முகம் கண்டேன். மொழி மொடல்களை வைத்துச் செயலி கட்டுகிற வேலை, இங்கே யாழ்ப்பாணத்திலேயே இருந்து செய்யலாம். ஆறு பேரும் கெட்டிக்காரர்கள். ஆறு பேரும் ஒரே கேள்விக்கு ஒரே பிழையான பதிலைச் சொன்னார்கள். ஆறாவது தம்பி அதைச் சொல்லத் தொடங்கும்போதே நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் கேட்பது புதிர் இல்லை, உண்மையில் நடந்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் சுற்றறிக்கைகளைப் படித்துப் பதில் சொல்லும் சாட்பொட் ஒன்று செய்துகொடுத்தோம். ஆவணங்களில் தேடி, பொருத்தமான துண்டுகளை எடுத்து, கேள்வியோடு சேர்த்து மொடலிடம் கொடுக்கும் வழமையான ராக் முறைதான். ஒருவர் கேட்கிறார்: "மூன்று இலட்சம் கடனுக்கு எத்தனை பிணையாளர் வேண்டும்?" பொட் சொல்கிறது: இரண்டு பேர். சரியான பதில் மூன்று பேர். எங்கே பிழை, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

"அது ஹாலுசினேஷன் அண்ணா. புரொம்ப்டை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்."

எப்படி இறுக்குவீர்கள் என்று கேட்டால், "கொடுத்த ஆவணத்தில் இருப்பதை மட்டும் சொல், கற்பனை செய்யாதே என்று எழுதலாம்" என்கிறார்கள். இன்னொருவர் டெம்பரேச்சரை 0 ஆக்கலாம் என்றார். டெம்பரேச்சர் 0 என்றால் மொடல் ஒவ்வொரு அடியிலும் தனக்கு அதிகம் நிகழக்கூடியதாகத் தெரியும் சொல்லை எடுக்கிறது, அவ்வளவுதான். கையில் கிடைத்தது பிழையென்றால் அதே பிழையைத்தான் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் சொல்லும்.

நாங்கள் பார்த்தபோது அந்த மொடல் கற்பனை செய்யவே இல்லை. அதற்குக் கொடுத்த ஐந்து துண்டுகளில் ஒன்று 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. அதில் இரண்டு பிணையாளர் என்று தெளிவாக இருந்தது. 2 இலட்சத்துக்கு மேலென்றால் மூன்று பேர் என்று மாற்றியது 2023ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. அது ஐந்துக்குள் வரவே இல்லை. மொடல் தன்னிடம் கொடுத்த கடதாசியை ஒழுங்காக வாசித்து ஒழுங்காகச் சொல்லியிருக்கிறது. "ஆவணத்தில் இருப்பதை மட்டும் சொல்" என்ற கட்டளைக்கு இதைவிட எப்படிக் கீழ்ப்படிவது?

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. பதில் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்பது ஒரு கேள்வி. பதில் சரியா என்பது வேறு கேள்வி. முதலாவதில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு இரண்டாவதில் கோட்டைவிடலாம். ராக் போட்டால் பொய் சொல்லாது என்று நினைப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ராக் செய்வது, மொடலின் ஞாபகத்தில் இருந்த பொறுப்பை உங்கள் தேடலின் தலையில் கட்டுவதுதான். தேடல் பழைய கடதாசியை எடுத்துக்கொடுத்தால், பழைய பதில் மிக நேர்மையாக, மிக நம்பிக்கையான தொனியில் வரும். விறாந்தையில் பழைய பேப்பரை வைத்துவிட்டு, வாசித்துச் சொன்ன பிள்ளையை ஏசுவதுபோலத்தான் இது.

ஆகவே முதல் வேலை, புரொம்ப்ட் இருக்கும் கோப்பை மூடுவது. அந்தக் கேள்விக்குத் தேடல் எடுத்த துண்டுகளை அப்படியே திரையில் கொட்டி, கண்ணால் வாசியுங்கள். சரியான துண்டு அதற்குள் இருந்தும் பதில் பிழையென்றால் புரொம்ப்டும் மொடலும் உங்கள் பிரச்சினை. துண்டே இல்லையென்றால் தேடல் உங்கள் பிரச்சினை. நேர்முகத்தில் இந்த இரண்டு வரியைச் சொன்னாலே நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

சரி, 2023 ஏன் வரவில்லை? அந்தத் துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் `fld;` என்றும் `gpiz` என்றும் இருந்தது. எங்கள் ஊரில் அச்சகத்தில் நின்றவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும்: பாமினி. `fld;` என்பது கடன், `gpiz` என்பது பிணை. திரையில் எழுத்துரு தமிழாகக் காட்டும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 2017 சுற்றறிக்கையை யாரோ இணையத்தில் போடுவதற்காக யுனிகோடில் திரும்பத் தட்டியிருக்கிறார்கள். புதியது அலுவலகக் கணினியில் பாமினியில் அடித்து அப்படியே பி.டி.எஃப் ஆனது. பொருளை வைத்துத் தேடுவதற்காக எழுத்தை எண்களாக மாற்றும் எம்பெடிங் மொடலுக்கு `fld;` என்பது குப்பை. ஆக, வாசிக்கக்கூடிய ஒரே கடதாசி பழையதாக இருந்தது, ஒவ்வொரு முறையும் அதுவே முன்னால் வந்தது.

எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் கொடுமை. கோப்பு ஏறும், துண்டாகும், எம்பெடிங் ஆகும், எல்லாம் பச்சை விளக்கு. கண்டுபிடிக்க இவ்வளவு போதும்:

```python
tamil = sum("\u0b80" <= c <= "\u0bff" for c in text)
print(page_no, tamil / max(len(text), 1))
```

தமிழ்ப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்த பக்கத்தில் இந்த எண் 0க்கு அருகில் வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. எழுத்தே வராமல் வெறுமையாக இருந்தால் ஸ்கேன் செய்த படம், அதற்கு ஓ.சி.ஆர். வேண்டும்.

மாற்றுவது எழுத்துக்கு எழுத்து இடம் மாற்றும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பாமினியில் ணை என்பதற்கு ஐகாரக் குறி முதலில், ணகரம் பிறகு தட்டப்படும். யுனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. அந்த வரிசையையும் திருப்பவேண்டும். இன்னொரு பொறி, ஒரே பக்கத்தில் உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் அவை தமிழ்க் குப்பையாகிவிடும். நாங்கள் பி.டி.எஃப் வாசிக்கும் PyMuPDF நிரலகம் கொடுக்கும் எழுத்துருப் பெயரைப் பார்த்து, பாமினி என்று இருக்கும் பகுதிகளை மட்டும் மாற்றினோம்.

மாற்றினால் திருந்தியது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் இரண்டாவது முறை எனக்குக் கோபம் வரும். "நாலைந்து கேள்வி கேட்டுப் பார்த்தேன், நல்லா வந்தது" என்பார்கள். நாங்கள் 40 கேள்வி எழுதினோம். ஒவ்வொன்றுக்கும் விடை எந்தத் துண்டில் இருக்கிறது என்று கையால் குறித்தோம். பிறகு மொடலைக் கூப்பிடாமலே தேடலை மட்டும் ஓடவிட்டோம்:

```python
ok = 0
for q in questions:
    ids = [h.id for h in search(q["text"], k=5)]
    ok += q["gold"] in ids
print(ok, len(questions))
```

தொடக்கத்தில் 40க்கு 19. பாமினியை மாற்றியபின் 32. ஒரு எழுத்துக்கூட புரொம்ப்டில் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மீதி எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். நான்கில் அட்டவணை நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. தொகை, தவணை, பிணையாளர் என்ற தலைப்பு வரி ஒரு துண்டில், எண்கள் மட்டும் அடுத்த துண்டில். தலைப்பில்லாத 3 என்ற எண் யாருக்கு என்ன சொல்லும்? அட்டவணை எங்கே உடைந்தாலும் தலைப்பு வரியை ஒவ்வொரு துண்டிலும் திரும்பப் போட்டோம், 36 ஆனது.

கடைசி நான்குதான் சுவையானவை. சுற்றறிக்கை "உத்தரவாதமளிப்போர்" என்று எழுதுகிறது. சனம் "ஆள்பிணைக்கு எத்தனை பேர்" என்று கேட்கிறது. இது எங்களுக்குத் தெரிந்ததே ஒரு காலையில் சங்கத்தின் கவுண்டருக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்து, வந்தவர்கள் கேட்டதை அப்படியே எழுதியதால்தான். பலர் கேள்விகளையும் மொடலைக் கொண்டே, அதே துண்டுகளிலிருந்து எழுதுவிக்கிறார்கள். அந்தக் கேள்வியில் துண்டின் சொற்களே இருக்கும், தேடல் சுலபமாகப் பிடிக்கும், மதிப்பெண் வானத்தைத் தொடும். பிறகு உண்மையான ஆள் வந்து கேட்டதும் விழும். தயவுசெய்து ஒரு நாளாவது போய் இருங்கள்.

இனித்தான் புரொம்ப்ட். பாமினி சரியானதும் 2017, 2023 இரண்டு சுற்றறிக்கையும் ஐந்துக்குள் வரத் தொடங்கின. மொடல் ஒருமுறை இரண்டு பேர் என்றது, சொல்லை மாற்றிக் கேட்டால் மூன்று என்றது. "பிந்திய சுற்றறிக்கையைப் பின்பற்று" என்று புரொம்ப்டில் எழுதலாம், எழுதினோம். ஆனால் துண்டுக்குள் திகதியே இல்லையென்றால் எது பிந்தியது என்று அதற்கு எப்படித் தெரியும்? திகதி முதல் பக்கத்தின் தலையில்தான் இருக்கும், துண்டு எட்டாம் பக்கத்திலிருந்து வரும். ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் சுற்றறிக்கை இலக்கமும் திகதியும் ஒட்டினோம். எந்தப் பந்தி எந்தப் பந்தியை நீக்கியது என்று சங்கத்து முகாமையாளரிடமே கேட்டு, நீங்கியவற்றைத் தேடலிலேயே வடிகட்டினோம். வடிகட்டக்கூடியதைப் புரொம்ப்டிடம் ஒப்படைக்காதீர்கள்.

புரொம்ப்டில் மிஞ்சியது மூன்றே வரி: துண்டில் விடை இல்லையென்றால் இல்லை என்று சொல், சுற்றறிக்கை இலக்கத்தைக் காட்டு, தொகையைக் கேட்காமல் பிணையாளர் எண்ணிக்கை சொல்லாதே. முதல் வரி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆவணத்தில் விடையே இல்லாத 10 கேள்விகளைச் சேர்த்தோம். அந்த வரியை மிகக் கடுமையாக எழுதினால் விடை இருக்கும் கேள்விக்கும் "இல்லை" என்று தப்பித்துக்கொள்ளும். அதனால் இரண்டு பட்டியலையும் ஒன்றாக ஓடவிடவேண்டும்.

பதிலுக்குப் புள்ளி போட இன்னொரு மொடலை வைப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். வையுங்கள். ஆனால் விடை 3 என்ற எண்ணாக இருக்கும்போது அதற்கு நீதிபதி எதற்கு? எண் பதிலில் இருக்கிறதா என்று ஒரு வரிக் குறியீட்டில் பார்க்கலாம். விளக்கமான பதில்களுக்கு வைக்கும்போது, முதலில் ஒரு ஐம்பது பதிலுக்கு நீங்களும் புள்ளி போட்டு ஒப்பிடுங்கள். நீட்டி முழக்கிய பதிலுக்கு அதிகப் புள்ளி கொடுக்கும் பழக்கம் அந்த நீதிபதிகளுக்கு உண்டு. எங்கள் ஊர் வாத்திமாரைப் போலத்தான்.

எல்லாம் முடிந்து ஒப்படைத்த இரண்டாம் நாள் சங்கத்திலிருந்து அந்தக் கவுண்டர் அக்கா அழைத்தார். நகைக் கடன் வட்டியைப் பொட் பிழையாகச் சொல்கிறது என்றார். துண்டைப் பார்த்தேன். சரியான சுற்றறிக்கை, சரியான பந்தி, தேடலும் சரி, பதிலும் துண்டோடு ஒத்துப்போகிறது.

"எனக்குக் கிடைச்ச சுற்றறிக்கையில அப்பிடித்தான் இருக்கு அக்கா."

"அதிலதான் தம்பி முகாமையாளர் பேனாவால வெட்டி மாத்தி எழுதினவர். எங்கட மேசையில இருக்கிற கொப்பியில."