சீனியருக்கு எழுதும் ஒரு பக்கக் குறிப்பு: செக் வழக்கு எந்த ஊரில்?

எங்கள் அலுவலகத்துக்கு வரும் சட்ட மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பெரும்பாலும் செக் வழக்கில் ஒரு கேள்விதான். ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

செக் கொடுத்த நம் கட்சிக்காரரின் கணக்கு மதுரையில். செக்கை வாங்கியவரின் கணக்கு ஈரோட்டுக் கிளையில். அவர் சென்னைக்கு வந்தபோது தன் வங்கியின் சென்னைக் கிளையில் செக்கைப் போட்டார். பணமில்லை என்று திரும்பியது. சென்னையிலேயே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் புகார் கொடுத்துவிட்டார். அந்த நீதிமன்றம் இதை விசாரிக்கலாமா? சீனியருக்கு நாளைக் காலைக்குள் பதில் வேண்டும்.

தேடினால் சீக்கிரமே கிடைப்பது தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தந்த தீர்ப்பு. செக் கொடுத்தவரின் வங்கி எங்கே பணம் தர மறுத்ததோ, அங்கேதான் வழக்கு என்றது. அப்படியானால் மதுரை. நம் கட்சிக்காரருக்கும் அது வசதி. பல மாணவர்கள் இந்த இடத்திலேயே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஆனால் 2015-இல் நாடாளுமன்றம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தி 142(2)-ஐச் சேர்த்தது. கணக்கு வழியாக வசூலுக்குப் போட்ட செக் என்றால், வாங்கியவரின் கணக்கு இருக்கும் கிளையின் எல்லைக்குள் உள்ள நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். அந்த வங்கியின் வேறு கிளையில் போட்டிருந்தாலும், கணக்குள்ள கிளையில் போட்டதாகவே கொள்ள வேண்டும் என்று அதன் விளக்கம் சொல்கிறது. திருத்தத்துக்குப் பின் பழைய தீர்ப்பு தடையாக நிற்காது என்பதை பிரிட்ஜ்ஸ்டோன் இந்தியா எதிர் இந்தர்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆகவே குறிப்பின் முதல் வரி இப்படி இருக்க வேண்டும்: "சென்னைக்கு அதிகாரம் இல்லை, ஈரோட்டுக்கு உண்டு, மதுரை என்று வாதிட முடியாது." கடைசித் துண்டு கசப்பானது என்பதால் அதைக் கீழே தள்ளக் கூடாது. சீனியர் மதுரை என்று ஆரம்பித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் பிரிவை வாசித்தே உட்காரவைத்துவிடுவார்.

அடுத்து 142(2)-இன் வாசகத்தை விளக்கத்தோடு அப்படியே எழுதுங்கள், சுருக்க வேண்டாம். பிறகு பிரிட்ஜ்ஸ்டோன் தீர்ப்பின் பத்தி எண். தீர்ப்பின் மேலே வரும் ஹெட்நோட் என்ற சுருக்கம் வெளியீட்டாளர் எழுதியது, நீதிபதி எழுதியது அல்ல; எனவே முழுத் தீர்ப்பைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்துவிட்டே எண்ணைப் போடுங்கள்.

சட்டம் தெளிவானதும் மீதி வழக்குக் கட்டில்தான் இருக்கிறது. வாங்கியவரின் கணக்கு உண்மையில் ஈரோட்டில்தானா? பே-இன் சிலிப்பும் ரிட்டர்ன் மெமோவும் கட்டில் இருக்கின்றனவா? ரிட்டர்ன் மெமோவில் சென்னைக் கிளையின் முத்திரை மட்டும் இருந்தால் கணக்கு எங்கே என்று அதிலிருந்து தெரியாது. பாஸ்புக் பக்கமோ வங்கிக் கடிதமோ வேண்டும். இல்லாததை "இல்லை" என்றே எழுதுங்கள்.

ஜெயித்தாலும் என்ன கிடைக்கும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். வழக்கு அதோடு தீராது, புகார் ஈரோட்டுக்குப் போகும். அதற்காக இந்த ஆட்சேபத்தை எழுப்புவதா என்று சீனியர் முடிவு செய்துகொள்வார்.