முக்குகிறானா, அடக்குகிறானா?

பெங்களூரு அல்சூரில் குழந்தை மருத்துவம் பார்க்கும் என்னிடம், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரங்களில் ஒரே மாதிரியான சிக்கலுடன் பலர் வருகிறார்கள். டயபர் இல்லாமல் வந்தால்தான் சேர்ப்போம் என்று பிளேஸ்கூலில் சொல்லியிருப்பார்கள். குழந்தையைக் கழிப்பறைக்குப் பழக்கும் அவசரம் வீட்டில் தொடங்கியிருக்கும்.

இரண்டே கால் வயதுப் பையன் ஒருவனை அவனுடைய அம்மாவும் பாட்டியும் அழைத்து வந்தார்கள். "பத்து நாளா பேதி நிக்கவே இல்ல டாக்டர், ஜட்டி பூரா கறை" என்றார் அம்மா. வயிற்றை அழுத்திப் பார்த்தபோது, இடது அடிப்பக்கத்தில் கெட்டியான மலம் உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டது. இது பேதியல்ல, தேங்கி இறுகிப்போன மலத்தைச் சுற்றி, இளகிய மலம் அவனறியாமலேயே கசிகிறது.

டயபரை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, கால் தரையில் எட்டாத பெரிய கமோடில் தினமும் அரை மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருநாள் கெட்டியாகப் போனதில் ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டு இரத்தம் கசிந்தது. அன்றுமுதல் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து, முன்பாதத்தில் நின்று, கால்களைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்கிறான். முக்குகிறான் என்று பாட்டி நினைத்தார், உண்மையில் அடக்கிக்கொண்டிருந்தான். அடக்க அடக்க மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிவிடுவதால் அது மேலும் இறுகுகிறது. அடுத்த முறை இன்னும் வலிக்கிறது. விரிந்துபோன மலக்குடலில் 'வருகிறது' என்ற உணர்வும் மங்கிவிடுகிறது.

பயிற்சியை நிறுத்தி, டயபரை மீண்டும் போடச் சொன்னேன். மலத்தை இளக்கும் மருந்தை அவன் எடைக்கேற்பக் கொடுத்தோம். மலம் இளகியதும் மருந்தை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. வலியின் நினைவு மறைய மாதக்கணக்கில் ஆகும்.

"இவங்க அம்மா ஒரு வயசுலேயே சொல்லிட்டுப் போவா" என்றார் பாட்டி. காலில் உட்கார வைத்து 'உஸ்' என்று பழக்கியதில் நேரம் பார்த்தவர் பெரும்பாலும் பெரியவர்தான். குழந்தை தானாக உணர்ந்து, அடக்கி, சொல்லிப் போவது வேறு திறன். அதற்கான அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பின் தெரியத் தொடங்குகின்றன: இரண்டு மணி நேரம் டயபர் நனையாமல் இருப்பது, ஈரமானதும் முகம் சுளிப்பது, ஜட்டியைத் தானே இறக்க முயல்வது, 'ஆய் வருது' என்று முன்கூட்டியே சொல்வது. பல குழந்தைகள் இரண்டு முதல் மூன்று வயதுக்குள் பகலில் பழகிவிடுகிறார்கள். இரவில் நனைப்பது ஐந்து வயதுவரை இயல்பே.

இரண்டு மாதங்கள் கழித்து, சாப்பாட்டுக்குப் பின் குடல் தானாக அசையும் நேரத்தில், பாதம் ஊன்ற முக்காலி போட்டு ஐந்து நிமிடம் மட்டும் உட்கார வைத்தார்கள்; வராவிட்டால் எழுந்துவிடலாம். முதல் வாரம் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் முக்காலியை அவனே இழுத்துப் போட்டானாம். பிளேஸ்கூலில் சேர்ந்தது தீபாவளிக்குப் பிறகுதான்.