லீட், லேக்: முந்துகாலமும் பிந்துகாலமும்

‘லீட்’ என்றால் முன்னே செல்லுதல். ‘லேக்’ என்றால் பின்தங்கி வருதல். திட்ட அட்டவணையில் இவை, அடுத்து வரும் பணி தன் முன்பணியை விட்டு எவ்வளவு முந்தலாம், எவ்வளவு பிந்த வேண்டும் என்னும் கால அளவுகளைக் குறிக்கின்றன. முன், பின் என்னும் அடிகளிலிருந்து பிறந்த முந்து, பிந்து என்ற வினைகள் நம்மிடமே இருப்பதால், முந்துகாலம், பிந்துகாலம் என்பவையே பொருத்தமான தமிழ்ச் சொற்கள் என்பது என் கருத்து. லேக்கைத் ‘தாமதம்’ என்று எழுதுவது தவறு. தாமதம் எதிர்பாராமல் நேர்வது, பிந்துகாலமோ கான்கிரீட் இறுகுவதற்காக விடும் நாள்களைப் போலத் திட்டமிட்டே வைப்பது.

அம்புக்குறி வரைபடத்தில் அம்பே பணியாக இருந்ததால், இத்தகைய காத்திருப்பையும் ஒரு தனிப் பணியாகவே வரைய வேண்டியிருந்தது. 1961இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபோண்டால் பணிகளைக் கணுக்களில் வைத்தபின் அம்பு வெறும் உறவாகிவிட்டது. பின்னர் வளர்ந்த பிரிசிடென்ஸ் வரைபடத்தில் அந்த உறவின் மேலேயே கால அளவை எழுத முடிந்தது. முடிவு–தொடக்கம் (FS), தொடக்கம்–தொடக்கம் (SS), முடிவு–முடிவு (FF), அரிதாக வரும் தொடக்கம்–முடிவு (SF) என்ற பெயர்கள், அந்த அளவை முன்பணியின் எந்த முனையிலிருந்து அடுத்த பணியின் எந்த முனை வரை எண்ண வேண்டும் என்பதைச் சொல்கின்றன. பிந்துகாலத்துக்குக் கூட்டல் குறியும் முந்துகாலத்துக்குக் கழித்தல் குறியும் இடுவது வழக்கம்.

பள்ளம் தோண்டுதல் A 10 நாள், குழாய் பதித்தல் B 6 நாள், உறவு FS−2 என்று வினாவில் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். A 0இல் தொடங்கி 10இல் முடிவதால், B 10−2=8இல் தொடங்கி 14இல் முடியும். SS+8 என்று தந்திருந்தாலும் இதே நாள்கள்தான் கிடைக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. தோண்டும் வேலை 12 நாளாக நீண்டால், FS−2இல் B 10ஆம் நாளுக்குத் தள்ளிப்போகும், SS+8இலோ 8லேயே நிற்கும். இந்த வேறுபாட்டைக் கேட்பதற்காகவே சில வினாக்களில் முன்பணிக்கான நாள்களை மாற்றித் தருகிறார்கள்.

மாணவர்கள் பெரிதும் இடறுவது, திட்ட முடிவிலிருந்து கடைசி நாள்களைக் காணும் பின்னோக்கிய கணக்கில்தான். அங்கே B தொடங்கக்கூடிய கடைசி நாளிலிருந்து உறவின் அளவைக் குறியோடு சேர்த்துக் கழிக்க வேண்டும்; 14இல் திட்டம் முடிவதாகக் கொண்டால் அந்த நாள் 8, ஆகவே A முடிய வேண்டிய கடைசி நாள்

8−(−2)=10

என்று வரும். குறியைக் கவனியாமல் 8−2=6 என்று எழுதினால், A தொடங்க வேண்டிய கடைசி நாள் 6−10=−4 ஆகிவிடும். முடிவு நாள் எதையும் வினா தனியே விதிக்காதபோது இப்படி எதிர்ம எண் வந்தால், பிழை முந்துகாலத்தின் குறியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.