பந்து ஏன் நீதிமன்றத்துக்குப் போகிறது?

ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம். சரக்கு வாங்கும் நிறுவனம் அதை ஆங்கிலத்தில் எழுதியது. விற்பவர் படிப்பது, இயந்திரம் செய்து கொடுத்த தமிழாக்கம்:

“திருத்திய விலையை ஒப்பந்த வரைவோடு அனுப்பியுள்ளோம். பந்து இப்போது உங்கள் நீதிமன்றத்தில் உள்ளது. வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.”

எழுதியவர் சொல்ல வந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம்: எங்கள் வேலை முடிந்தது, இனி முடிவு உங்கள் கையில். டென்னிஸில் பந்து எதிராளியின் பக்கம் விழுந்தால் அடுத்த அடியை அவர்தானே அடிக்க வேண்டும்? அந்தப் பழக்கத்திலிருந்து வந்த சொல்வழக்கு அது. ஆடுகளத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், கோர்ட். இயந்திரம் இரண்டில் தவறானதைப் பிடித்துக்கொண்டது.

படிப்பவர் இதைப் பிழை என்று உடனே கண்டுகொள்ள மாட்டார். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்கள் சுத்தமான தமிழில் இருக்கின்றன. அதனால் நடுவில் இருப்பதற்கும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று தேடுவார். ‘பந்து’ புரியவில்லை, விட்டுவிடுவார். ‘ஒப்பந்தம்’, ‘நீதிமன்றம்’, ‘வெள்ளிக்கிழமைக்குள்’ மூன்றும் மனதில் ஒன்று சேரும். விலை பேச வந்த கடிதம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். அர்த்தமே வராத மொழிபெயர்ப்பைவிட, பாதி அர்த்தம் வருகிற மொழிபெயர்ப்பு ஆபத்தானது என்று நான் சொல்வது இதனால்தான்.

இயந்திரம் ஏன் இப்படிச் செய்கிறது? இன்றைய மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பைச் சார்ந்தவை. வாக்கியத்தை அது சிறு துண்டுகளாக உடைக்கும். சில சமயம் முழுச் சொல், சில சமயம் சொல்லின் பாதி. ஒவ்வொரு துண்டும் எண்களின் வரிசையாக மாறும். பிறகு ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளைப் பார்த்து, ‘இந்த இடத்தில் எனக்கு என்ன பொருள்?’ என்று தன் எண்களைத் திருத்திக்கொள்ளும். ‘கோர்ட்’ என்ற சொல்லை ஆடுகளத்தின் பக்கமோ நீதிமன்றத்தின் பக்கமோ தள்ளுவது இந்தத் திருத்தம்தான். நம் மின்னஞ்சலில் பக்கத்தில் இருப்பது ஒப்பந்தம், வரைவு, கெடு. இவை எல்லாம் நீதிமன்றத்தின் சொந்தக்காரர்கள். வழக்கமாகச் சூழல்தான் இயந்திரத்தைச் சரியான பொருளுக்குக் கொண்டுபோகும். இங்கே அதே சூழல் தவறான பக்கம் இழுக்கிறது.

சொல்வழக்கைச் சரியாக மொழிபெயர்க்க வேண்டுமென்றால், அந்தச் சொற்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பொருள் என்று இயந்திரம் கண்டுகொள்ள வேண்டும். வெர்னா டாங்கர்ஸ், கிறிஸ்டோபர் லூகாஸ், இவான் டிடோவ் மூவரும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இதை உள்ளே திறந்து பார்த்தார்கள். ஆங்கிலத்திலிருந்து ஏழு ஐரோப்பிய மொழிகளுக்குப் பெயர்க்கும்போது, சொல்வழக்குகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் சாய்வு இயந்திரத்துக்கு இருந்தது. உட்பொருளைச் சரியாகப் பிடித்த இடங்களில், அந்தச் சொற்கள் தங்களுக்குள் ஒன்றையொன்று அதிகம் பார்த்தன. வெளியே உள்ள சொற்களோடு உறவு குறைந்திருந்தது. அதாவது ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டன.

அடிக்கடி பார்த்ததைத்தான் இயந்திரம் அப்படிப் பொட்டலம் கட்டும். புகழ்பெற்ற சொல்வழக்குகளை இப்போது பல கருவிகள் சரியாகவே பெயர்க்கின்றன. ஆனால் நடுவில் ஒரு சொல்லைச் செருகினாலோ காலத்தை மாற்றினாலோ கட்டு அவிழ்ந்துவிடலாம். தமிழில் இது இன்னும் சிக்கல். ‘கையை விரித்துவிட்டார்’, ‘கைவிரித்ததால்’, ‘கையை விரிப்பதற்கு முன்’ என்று ஒரே வழக்கு பல உருவங்களில் வரும்; ஒவ்வொரு உருவமும் பயிற்சித் தரவில் கொஞ்சம்தான் இருக்கும்.

கையை விரித்தவரையே பார்ப்போம். “சப்ளையர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்” என்று ஒருவர் எழுதுகிறார். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்துக்குப் போனால் ‘கடைசி நேரத்தில் கைகளைத் திறந்தார்’ என்று ஆகும். ஆங்கிலத்தில் திறந்த கை என்றால் தாராள மனசு. சரக்கு வராது என்ற செய்தி, சப்ளையர் பெரிய மனசு பண்ணிவிட்டார் என்ற செய்தியாகப் போய்ச் சேரலாம்.

சரி, இதை எப்படிப் பிடிப்பது? பலர் செய்வது திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பது. தமிழை மறுபடி ஆங்கிலமாக்கி, பழைய வாக்கியமே வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். சொல்வழக்கு விஷயத்தில் இந்தச் சோதனையை நம்பவே கூடாது. ‘பந்து உங்கள் நீதிமன்றத்தில் உள்ளது’ என்பதைத் திருப்பினால் ஆங்கிலச் சொல்வழக்கு அப்படியே அச்சுப்பிசகாமல் திரும்பி வரும். ஏனென்றால் சொல்லுக்குச் சொல் போனது சொல்லுக்குச் சொல் திரும்பும். நல்ல மொழிபெயர்ப்பான ‘முடிவு உங்கள் கையில்’ என்பதைத் திருப்பினால்தான் வேறு வாக்கியம் வரும். இந்தச் சோதனையில் கெட்டது தேறும், நல்லது தோற்கும்.

வேலை செய்கிற சோதனை ஒன்று உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழாக்கத்தை மட்டும் கொடுங்கள். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். ‘அடுத்து யார், என்ன, எப்போதைக்குள் செய்ய வேண்டும்?’ என்று கேளுங்கள். நம் மின்னஞ்சலுக்கு ‘விற்பவர் வெள்ளிக்கிழமைக்குள் விலைக்குச் சம்மதமா என்று சொல்ல வேண்டும்’ என்ற பதில் வர வேண்டும். ‘வக்கீலிடம் காட்ட வேண்டும்’ என்று வந்தால் பிழை எங்கே என்று தேட வேண்டியதே இல்லை. மூலத்தைப் படித்தவர் இந்த வேலைக்கு உதவ மாட்டார். அவர் தலையில் சரியான பொருள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், தமிழில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவார்.

ஆள் கிடைக்காவிட்டால் மூலத்தில் கைவையுங்கள். விலை, சரக்கு, தேதி பற்றிய கடிதத்தில் பந்து, பழம், கயிறு, முடிவெட்டு போன்ற சம்பந்தமில்லாத பொருள் தலைகாட்டினால், அந்த வாக்கியத்தை மட்டும் நேரடியாகத் திருத்தி எழுதி, இரண்டையும் தனித்தனியே மொழிபெயர்க்கவும். ‘இனி முடிவு உங்களுடையது’ என்பதன் தமிழும் பந்து வாக்கியத்தின் தமிழும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா? சொல்லாவிட்டால் இயந்திரம் சொல்லைப் பார்த்திருக்கிறது, பொருளைப் பார்க்கவில்லை. அப்புறம் நேர் வாக்கியத்தையே அனுப்பிவிடலாம்.

இதிலும் தப்பிப்பவை உண்டு: சம்பந்தமில்லாத பொருள் எதுவும் கண்ணில் படாதவை. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதை விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவ அதிகாரிகளுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்ததாகவும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான் என்பது பிறகுதான் தெரிந்ததாகவும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஒரே மொழி பேசியவர்களே அப்படித் தடுமாறினார்கள். இயந்திரம் இரண்டில் ஒரு பொருளை எடுத்து, இலக்கணம் பிசகாத தமிழில் தந்துவிடும். படிப்பவர் ‘அடுத்து என்ன’ என்ற கேள்விக்குத் தெளிவாகப் பதிலும் சொல்வார், அது தவறான பதிலாக இருக்கலாம். அந்த இடத்தில் அனுப்பியவரிடமே கேட்டுவிட வேண்டியதுதான்: இதை இந்தக் கூட்டத்தில் பேசப் போகிறோமா, தள்ளி வைக்கப் போகிறோமா?