அப்பாவின் கடனைக் கட்டுமுன் கடன் கோப்பைப் பாருங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மாரடைப்பில் காலமானார். ஒரு மாதம் கழித்து அவருடைய இரண்டு மகன்மாரும் என் அலுவலகத்திற்கு வந்தார்கள். சட்டத்தரணி என்ற முறையில் இதுபோன்ற பைகளை நிறையப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்: கணக்குப் புத்தகம், வைப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ், வங்கிக் கடிதம், எல்லாம் ஒரே பொலித்தீன் பைக்குள். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இறந்த அன்று சேமிப்புக் கணக்கில் 240,000 ரூபாயும், நிலையான வைப்பில் 800,000 ரூபாயும் இருந்தன. இரண்டிலும், கணக்குக்காரர் இறந்தால் பணத்தைப் பெற அவரே நியமிக்கும் பின்னுரித்தாளி என்ற இடம் வெறுமையாகவே இருந்தது. வீடு திருத்த எடுத்த கடனில் 340,000 ரூபாய் பாக்கி. அதற்குப் பிணை நின்ற இரண்டு பழைய சக தொழிலாளர்களுக்கும் வங்கியிலிருந்து கடிதம் போயிருந்தது. “அவங்க முகத்துல முழிக்க முடியல சேர்” என்றார் மூத்தவர். வைப்பிலிருந்து கடனைக் கழித்துக்கொள்ளச் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடலாமா என்பதே அவர் கேள்வி.

தம்பி எதுவும் பேசவில்லை. காரணம் கணக்கு அறிக்கையில் இருந்தது. மரணத்திற்குப் பின் அப்பாவின் அட்டையைக்கொண்டு மூன்று தடவையில் 90,000 ரூபாய் எடுத்திருந்தார். அண்ணனுக்கு அது அன்றுதான் தெரிந்தது.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரகசிய இலக்கம் தெரியும், செலவு தலைக்கு மேல் இருக்கிறது, எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கண்ணை மூடிய நொடியிலிருந்து அந்தப் பணம் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், எடுத்தவர் பதில் சொல்லியாக வேண்டும். அப்படி எடுத்ததில் நியாயமான இறுதிக் கிரியைச் செலவை மட்டும் இறந்தவரின் சொத்திலிருந்து கழிக்கலாம். தம்பியிடம் 75,000 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டுகள் இருந்தன. மிச்சம் 15,000 ரூபாயைத் திரும்ப வைப்பதாக எழுதிக் கையொப்பமிட்டார்.

அதன் பிறகு கணக்குப் புத்தகத்தின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். கடன் தொகை 500,000 ரூபாய். கணக்கில் வந்து விழுந்ததோ 486,500. இந்த வித்தியாசத்தைக் கண்டால் நான் விடமாட்டேன். கடனின் தொடக்கத்திலேயே வங்கி எதையோ கழித்திருக்கிறது. பெரும்பாலும் அதில் காப்புறுதிக் கட்டணமும் இருக்கும். கடன் அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு எழுதினோம். கடனாளி இறந்தால் பாக்கியைச் செலுத்தும் ஆயுள் காப்புறுதி ஒன்று கடனோடு இணைக்கப்பட்டிருந்தது அதில் தெரியவந்தது. கவுண்டரில் இருந்தவர் அதைச் சொல்லவேயில்லை.

காப்புறுதி என்றதும் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். முன்பே இருந்த நோயை மறைத்திருந்தாலோ, வயதெல்லை தாண்டியிருந்தாலோ மறுப்பார்கள். மரணத்துக்கான காரணத்தைக் காட்டும் வைத்திய அறிக்கை கேட்பார்கள். தாமதமாக அறிவித்தால் அதையும் ஒரு குறையாகப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே 316,000 ரூபாய் கிடைத்தது. சாவுக்கு முன்பே கட்டாமல் விட்ட இரண்டு தவணைகளான 24,000 ரூபாயைக் குடும்பமே ஏற்க வேண்டியதாயிற்று.

வைப்புப் பணத்தைப் பின்னுரித்தாளி இல்லாமல் எடுக்க வங்கி நீதிமன்றப் பத்திரம் கேட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, ஆட்சேபம் வருகிறதா என்று காத்திருந்து, வாரிசுகளுக்கான சான்றிதழைப் பெற்றோம். அப்பாவின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் மரணச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்ததால் சத்தியக் கடதாசி வேறு தேவைப்பட்டது. தோட்டத்து ஆவணங்களில் இது சாதாரணம்.

பங்கு பற்றி யாழ்ப்பாணத்து உறவினர் ஒருவர் தேசவழமையைச் சொல்லிக் குழப்பியிருந்தார். அது வடமாகாணத் தமிழருக்கான சட்டம். மலையகத் தமிழருக்கு 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டமே செல்லும்: மரணசாசனம் இல்லையென்றால் மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. “நாங்க ரெண்டு பேரும் பாதிப் பாதின்னு நெனச்சோம்” என்றார் தம்பி. அம்மாவை இருவரும் கணக்கில் எடுக்கவேயில்லை.

நீதிமன்றச் செலவையும் வட்டியையும் விட்டுப் பார்த்தால் மொத்தம் 1,040,000. கிரியைச் செலவும் இரண்டு தவணையும் கழிந்தால் 941,000. அம்மாவுக்கு 470,500, மகன்மாருக்குத் தலா 235,250. முதல் நாளே கடனைக் கழிக்க விட்டிருந்தால் அம்மாவின் பங்கு 312,500 ஆகியிருக்கும்.

பிணையாளர்களை விடுவித்து வங்கி கடிதம் தந்ததும், மூத்தவர் அதை இரண்டு பிரதி எடுத்து அவர்களுடைய லயத்துக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.