‘100 மடங்கு ஜூம்’ என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

பள்ளி ஆண்டு விழாக்கள் நடக்கும் மாதங்களில் எங்கள் ஸ்டுடியோவுக்கு ஒரே வகைப் படங்கள் நிறைய வரும். கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் ஜூம் செய்து எடுத்த மேடைப் படங்கள். 12 அங்குல அகலத்தில் பிரிண்ட் கேட்பார்கள். கைபேசித் திரையில் குழந்தையின் முகம் தெளிவாகத்தான் தெரியும். கணினியில் பெரிதாக்கினால் புருவம் ஒரே தீற்றலாக இருக்கும். தலைமுடி இழை பிரியாது. “இந்த போனில் 100 மடங்கு ஜூம் இருக்கிறதே, அண்ணா?” என்று வருத்தத்தோடு கேட்பார்கள். அந்த வருத்தம் நியாயமானது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் எதைக் குறிக்கிறது என்று விற்கும்போது யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

2023-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவை எடுத்துக்கொள்வோம். அதன் விளம்பரத்தில் 100 மடங்கு வரை ஜூம் உண்டு. உள்ளே இருப்பவை தனித்தனிக் கேமராக்கள்: அகலக் கோணம் ஒன்று, முதன்மைக் கேமரா ஒன்று, 3 மடங்குக்கு ஒன்று, 10 மடங்குக்கு ஒன்று. இவற்றில் எந்த லென்ஸும் தன் குவியத்தூரத்தை மாற்றிக்கொள்ளாது. விரலால் விரிக்கும்போது கைபேசி ஒரு கேமராவிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. தாவும் இடங்களுக்கு நடுவே நடப்பதெல்லாம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதுவே டிஜிட்டல் ஜூம்.

10 மடங்குக் கேமராதான் பெரிஸ்கோப். அதன் லென்ஸின் குவியத்தூரம் சுமார் 27 மில்லிமீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத கைபேசியில் அதை நிமிர்த்தி வைக்க இடமில்லை. ஆகவே வாயிலில் ஒரு பட்டகத்தை வைத்து ஒளியை 90 டிகிரி திருப்பி, லென்ஸ்களையும் சென்சாரையும் உடலுக்குள் படுக்கைவாட்டில் அடுக்குகிறார்கள். தொலைவில் உள்ள முகம் சென்சாரின் மீது பெரிதாகவே விழுகிறது. 10 மெகாபிக்சலும் அந்த முகத்துக்கே வேலை செய்கின்றன.

இப்போது அதே கைபேசியில் 9 மடங்கு வைத்து எடுங்கள். பெரிஸ்கோப்புக்கு இன்னும் முறை வரவில்லை. 3 மடங்குக் கேமராவின் 10 மெகாபிக்சலில் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதாவது சுமார் 1.1 மெகாபிக்சல், ஏறக்குறைய 1200-க்கு 900 புள்ளிகள். 12 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 100 புள்ளிகள். நல்ல பிரிண்டுக்கு நான் குறைந்தது 200 எதிர்பார்ப்பேன். ஜூமை 10-க்கு நகர்த்தினால் 10 மெகாபிக்சலும் திரும்பக் கிடைக்கும். 100 மடங்கில் பெரிஸ்கோப் படத்தின் நூறில் ஒரு பங்கு, வெறும் ஒரு லட்சம் புள்ளிகள்தான் எஞ்சும். பல படங்களைச் சேர்த்து மென்பொருள் கொஞ்சம் மீட்டுத் தரும். ஆனாலும் லென்ஸ் பார்க்காத கண் இமையை அதனால் அளந்து சொல்ல முடியாது, ஊகித்து வரையத்தான் முடியும். கோப்பின் விவரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெட்டிய படத்தையும் முழு அளவுக்கு ஊதித்தான் சேமித்திருக்கும்.

வெட்டுவதெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு வந்த எஸ்24 அல்ட்ராவில் 10 மடங்கு லென்ஸே இல்லை; 5 மடங்கு பெரிஸ்கோப்பும் அதன் பின்னால் 50 மெகாபிக்சல் சென்சாரும் இருக்கின்றன. 10 மடங்குக்கு அதில் கால் பங்கை வெட்டினாலும் 12.5 மெகாபிக்சல் மிஞ்சும். பகல் வெளிச்சத்தில் இது தாராளமாகப் போதும்.

மடங்குக் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். ஐபோன் 15 புரோ மேக்ஸில் பெரிஸ்கோப் லென்ஸ் 5 மடங்கு, முதன்மைக் கேமராவை ஒன்று என்று வைத்து. அதே விவரப் பட்டியலில் ‘10 மடங்கு ஆப்டிகல் ஜூம் வீச்சு’ என்றும் இருக்கும், அது 0.5 மடங்கு அகலக் கோணத்திலிருந்து எண்ணியது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் தூரத்து மேடைக்கு உதவுவது அந்த 5 மட்டுமே.

மேடைப் படங்கள் கெடுவதற்கு இன்னொரு காரணம் வெளிச்சம். எஸ்23 அல்ட்ராவின் பெரிஸ்கோப் துளை f/4.9, முதன்மைக் கேமராவினுடையது f/1.7. சென்சாரின் ஒரே அளவு பரப்பில் விழும் ஒளி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அரங்கம் இருட்டாக இருந்தால், 10 மடங்கு என்று திரை காட்டிக்கொண்டிருக்கும்போதே கைபேசி பெரிஸ்கோப்பை விட்டு முதன்மைக் கேமராவை வெட்டத் தொடங்கிவிடும். மிக அருகில் உள்ள பொருளுக்கும் இப்படியே செய்யும், பெரிஸ்கோப்பால் அங்கே குவியப்படுத்த முடியாது என்பதால்.

கண்டுபிடிப்பது எளிது. 10 மடங்கு வைத்து, பெரிஸ்கோப்பின் சதுர வாயிலை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் அதுதான் வேலை செய்கிறது. படம் அப்படியே தெரிந்தால் வேறு கேமரா. ஏற்கெனவே எடுத்த படமானால், கேலரியில் அதன் விவரத்தைத் திறந்து f எண்ணைப் பாருங்கள். இந்தக் கைபேசியில் 10 மடங்குப் படத்துக்கு f/1.7 என்று இருந்தால் அதைப் பெரிய பிரிண்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அஞ்சலட்டை அளவில் போட்டுக்கொள்ளுங்கள்.