ஃப்ரீவீலைக் கழற்ற, சக்கரத்தைத் திருப்புங்கள்

கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி உடைந்தால், பெரும்பாலும் செயின் இருக்கும் வலது பக்கத்தில்தான் உடையும். பின்பக்கப் பல்சக்கரங்களைத் தாங்கும் ஃப்ரீவீலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்கும். ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் அவற்றை இடது பக்கத்தைவிட இறுக்கமாக முறுக்கியாக வேண்டும். இழுவை அதிகம், அதனால் உடைவதும் அங்கேதான். புதுக் கம்பியை ஹப்பின் ஓட்டை வழியாக நுழைக்கலாம் என்று பார்த்தால், அந்த ஓட்டையைப் பெரிய பல்சக்கரம் மறைத்துக்கொண்டு நிற்கும். ஆக, ஒரே ஒரு கம்பிக்காக முழு ஃப்ரீவீலையும் கழற்ற வேண்டும்.

என் பழைய 26 அங்குல சைக்கிளில் இதுதான் நடந்தது. முன்னால் மூன்று, பின்னால் ஏழு பல்சக்கரங்கள். பத்து வருடத்துக்கும் மேலாக ஃப்ரீவீலை யாரும் கழற்றியதில்லை. பக்கத்துக் கடையில் கொடுத்தேன். உளியை வைத்துச் சுத்தியலால் நாலு அடி அடித்துப் பார்த்துவிட்டு, "வராது சார், ஹப்போட மாத்திடுங்க" என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், ஃப்ரீவீலின் முகப்பில் இருக்கும் தட்டில் இரண்டு இடத்தில் உளி பட்ட வெட்டு. உள்ளே, கழற்றும் கருவி மாட்டுவதற்காக இருந்த காடிகளுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காடிகள் பிழைத்ததால்தான் ஹப்பும் பிழைத்தது.

ஃப்ரீவீல் ஏன் இவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது? அதை யாரும் ஸ்பேனர் போட்டு இறுக்குவதில்லை. ஹப்பின் வலது பக்கத்தில் வெளிமரை இருக்கிறது, ஃப்ரீவீலின் உள்ளே உள்மரை. சாதாரண வலது மரைதான். வலது பக்கத்தில் நின்று பார்த்தால், மிதிக்கும்போது செயின் ஃப்ரீவீலைக் கடிகார முள் சுற்றும் திசையில் இழுக்கிறது. அதே திசையில்தான் மரையும் இறுகும். அதாவது நாம் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை ஹப்பில் இன்னும் கொஞ்சம் முறுக்குகிறது.

எவ்வளவு முறுக்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் மேடு ஏறும்போது எழுந்து நின்று ஒரே பெடலில் முழு எடையையும் போடுகிறார். கிராங்க் நீளம் 170 மி.மீ. கிராங்க்கில் கிடைக்கும் முறுக்கு விசை சுமார் 108 நியூட்டன் மீட்டர். மேட்டுக்காக அவர் முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்று லேசான கியரில் போயிருந்தால், ஃப்ரீவீலுக்கு வந்து சேர்வது 108 × 28 ÷ 24, அதாவது 126. சமதரையில் 42-க்கு 14 என்று கனமான கியரில் அதே பலத்தோடு மிதித்தால் வெறும் 36தான். லேசான கியர்தான் ஃப்ரீவீலை அதிகமாக இறுக்குகிறது. முதலில் கேட்கும்போது எனக்கே நம்பச் சிரமமாக இருந்தது. கால் வலியைக் குறைக்கும் அதே பல் கணக்கு, மரையின் மீது விழும் முறுக்கைக் கூட்டுகிறது. அந்த சைக்கிளின் ஆயுளில் எந்த மேட்டில் யார் மிக அழுத்தி மிதித்தாரோ, ஃப்ரீவீல் அந்த அளவுக்கு இறுகி நிற்கும். மரையில் கிரீஸ் இருந்தால் கழற்றவும் ஏறக்குறைய அதே விசை போதும். துரு ஏறியிருந்தால் அதைவிட அதிகம் வேண்டும்.

சரி, பல்சக்கரத்தைப் பிடித்து எதிர்த்திசையில் திருப்பினால் கழன்று வராதா? வராது. ஃப்ரீவீலில் இரண்டு உடல்கள் உண்டு. வெளி உடலில் பல்சக்கரங்கள், உள் உடலில் மரை. இரண்டுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகளும், ஸ்பிரிங் வைத்த சின்ன நாக்குகளும் இருக்கின்றன. ஒரு திசையில் திருப்பினால் நாக்கு மாட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து சுற்றும். எதிர்த்திசையில் நாக்கு மடங்கி, 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு வெளி உடல் மட்டும் சும்மா சுற்றும். கழற்ற வேண்டிய திசை எதுவோ, அதுவேதான் சும்மா சுற்றும் திசையும். அதனால் உள் உடலையே நேராகப் பிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் அதன் உட்சுவரில் அச்சைச் சுற்றி வரிவரியாகக் காடிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காடிகளில் அப்படியே பொருந்தும் வரிப்பற்கள் உள்ள குழாய்த்துண்டுதான் ரிமூவர்.

ரிமூவரில் ஒரு வகை மட்டும் இல்லை. பழைய சன்டூர் ஃப்ரீவீல்களில் இரண்டு அல்லது நான்கு வெட்டுகள் மட்டுமே இருக்கும். ரிமூவரின் இரண்டோ நான்கோ முனைகளே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியிருப்பதால் வெட்டின் ஓரம் சீக்கிரம் மழுங்கிவிடும். இப்போது விலை குறைந்த கியர் சைக்கிள்களில் வரும் ஷிமானோ வகை ஃப்ரீவீலில் 12 காடிகள். சுமை பன்னிரண்டாகப் பிரிகிறது. கருவி முழு ஆழத்துக்கு இறங்கியிருந்தால் அது வழுக்குவது அரிது. பாதி ஆழத்தில் நின்றால்தான் ஆபத்து. அச்சின் வலது பக்கத்தில் இருக்கும் லாக்நட்டோ இடைவளையமோ இடிப்பதால் சில நேரம் கருவி முழுதாக உள்ளே போகாது. சுத்தியலால் தட்டி இறக்கப் பார்க்காமல் அந்த நட்டையும் வளையத்தையும் கழற்றிவிடுங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் மண்ணையும் கிரீஸையும் ஊசியால் கிளறி எடுங்கள். கருவியை அழுத்தி, கையால் இடம் வலம் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது.

கருவி வாங்கும் முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். உங்களுடையது ஃப்ரீவீல்தானா, கேசட்டா? ஷிமானோ 1978 முதல் விற்கத் தொடங்கிய ஃப்ரீஹப் அமைப்பில், சும்மா சுற்றும் பகுதி ஹப்போடு சேர்ந்தே இருக்கும். பல்சக்கரங்கள் மட்டும் தனியாகக் கழலும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு நடுவில் இருக்கும் காடிகளைக் கவனியுங்கள். காடிகள் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். சேர்ந்து சுற்றினால் கேசட், அதைக் கழற்றும் முறையே வேறு.

இனி வேலை. எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சுலபமான வழி, பெஞ்சில் பொருத்திய வைஸ்தான். முதலில் வலது பக்கத்து வெளி நட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு, ரிமூவரை உள்ளே இறக்கி, அது பிசகாமல் இருக்க அதே நட்டை அச்சில் போட்டு விரலால் மட்டும் இறுக்குங்கள். இப்போது ரிமூவரின் ஆறுமுகத் தலை வைஸில் கடிபட, சக்கரத்தை ஃப்ரீவீல் கீழே இருக்குமாறு படுக்கை வசத்தில் வையுங்கள். டயரின் இரண்டு எதிர் ஓரங்களைப் பிடித்து, பாட்டில் மூடியைத் திறப்பதுபோலச் சக்கரத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். கருவி நிற்கிறது, சக்கரம் சுற்றுகிறது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 25 செ.மீ. நீள ஸ்பேனரால் அதே 126 நியூட்டன் மீட்டரைப் பெற, அதன் நுனியில் 51 கிலோ சுமை அளவுக்கு அழுத்த வேண்டும். அதுவும் ஒரே பக்கமாக அழுத்துவதால் கருவி சாய்ந்து காடியை விட்டு வெளியே வரப் பார்க்கும். சக்கரத்தைப் பிடித்தாலோ இரண்டு கைகளுக்கும் நடுவே ஏறக்குறைய 65 செ.மீ. இருக்கிறது. ஒவ்வொரு கையும் 20 கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும். இரண்டு கையும் எதிரெதிராகத் தள்ளுவதால் சாய்வும் இல்லை.

வைஸ் இல்லாதவர்கள் சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, ஃப்ரீவீல் தங்களைப் பார்க்குமாறு வைத்து, நீளமான ஸ்பேனரை இடது கைப் பக்கம் நீட்டி மாட்டிக் கீழ்நோக்கி உடல் எடையால் அழுத்தலாம். அழுத்தும்போது சக்கரம் இடப்பக்கமாக உருண்டுவிடும் என்பதால், அந்தப் பக்கம் ஒரு சுவர் இருக்கட்டும். நீளம் போதாவிட்டால் ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக்கொள்ளலாம்.

எந்த வழியில் செய்தாலும், 'டக்' என்று முதல் அசைவு தெரிந்தவுடன் கையை நிறுத்துங்கள். அங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்த மரையில் ஒரு அங்குலத்துக்கு 24 சுற்றுகள். ஒரு முழுச் சுற்றுக்கு ஃப்ரீவீல் ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக வெளியே நகரும். ரிமூவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் நட்டு அச்சிலேயே நிற்பதால், அந்த ஒரு மி.மீ. நகர்வு முழுவதும் ரிமூவரை நட்டின் மேல் வைத்து நெரிக்கும். தொடர்ந்து திருப்பினால் அச்சின் மரை போகும், இல்லையென்றால் கருவி விரியும். நட்டைத் தளர்த்திவிட்டு, அப்புறம் மீதியைக் கையாலேயே சுற்றி எடுக்கலாம்.

என் சைக்கிளில் முதல் நாள் அது அசையவே இல்லை. ஃப்ரீவீலின் பின்புறம் ஹப்போடு சேரும் இடுக்கில், துருவை இளக்கும் மெல்லிய எண்ணெயை விட்டு, சக்கரத்தைப் படுக்க வைத்து இரவு முழுக்க விட்டேன். காலையில் தம்பி பெஞ்சைப் பிடித்துக்கொள்ள, இரண்டாவது முயற்சியில் அசைந்தது. நெருப்பில் சூடு காட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். என்னுடைய ஹப் அலுமினியம், ஃப்ரீவீல் இரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அலுமினியம் உள்ளே, இரும்பு வெளியே. இரண்டும் சேர்ந்து சூடானால் பிடி இன்னும் இறுகத்தான் செய்யும்.

உளி பட்ட தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இரண்டு குழிகள் இருக்கும். ஆணி வைத்துத் தட்டத் தோன்றும். ஆனால் அது ஃப்ரீவீலின் மூடித்தட்டு, அதற்கு இடது மரை. அது கழன்றால் ஃப்ரீவீல் ஹப்பை விட்டு வராது, அதன் வயிறு திறந்து பால்ரஸ் குண்டுகள் கொட்டும். காடிகள் முழுதும் மழுங்கிப்போன ஃப்ரீவீலுக்கு மட்டும், எப்படியும் தூக்கி எறியப்போகிறோம் என்ற நிலையில், அந்த வழியாகத் திறந்து வெளி உடலை எடுத்துவிட்டு உள் உடலை வைஸில் நேராகக் கடிக்க வைக்கலாம்.

அதேபோல், ரிம் வளைந்துவிட்டது, ஹப் மட்டும் வேண்டும் என்று கம்பிகளை முதலில் வெட்டிவிடாதீர்கள். ரிம் போனால் 65 செ.மீ. பிடியும் போய்விடும். கையில் வெறும் ஹப் மட்டும் நின்றால் அதை எதைக் கொண்டு திருப்புவது? முதலில் ஃப்ரீவீல், அப்புறம்தான் கம்பி.

புதுக் கம்பி போட்டு ரிம்மை நேராக்கியதும், இரண்டு மரைகளையும் பழைய துணியால் துடைத்து, ஹப் மரையில் சுற்றிலும் தாராளமாகக் கிரீஸ் பூசினேன். ஏற்றும்போது ஃப்ரீவீலை முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். மரையின் தொடக்கம் ஒன்றுக்குள் ஒன்று விழும்போது 'கிளிக்' என்று கைக்குத் தெரியும். அதன் பிறகு முன்பக்கம் திருப்பி, கையாலேயே கடைசிவரை ஏற்றினேன். கை அழுத்தத்துக்கே கடினமாக ஏறினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். உடனே திரும்ப எடுத்துவிட வேண்டும், அலுமினிய மரை ஒருமுறை கோணலாக வெட்டுப்பட்டால் அந்த ஹப்பைக் காப்பாற்ற முடியாது. கருவி போட்டு இறுக்கத் தேவையில்லை. சைக்கிளை எடுத்துத் தெருக்கோடி மேட்டில் முதல் கியரில் ஏறியபோது, பெடல் ஒருமுறை காலடியில் லேசாக நழுவி நின்றது. ஃப்ரீவீல் கடைசி மரைவரை ஏறி உட்கார்ந்துவிட்டது.